பாட்டின் பெயர் தெரியும், வகை தெரியாது

2024 ஆகஸ்ட் 11 இரவு, பாரிஸ் ஒலிம்பிக் நிறைவு விழா. ஃபீனிக்ஸ் என்ற பிரெஞ்சு இசைக்குழு வாசிக்க, பெல்ஜியப் பாடகி ஆஞ்செல் பாட, கவின்ஸ்கியும் மேடையில் இருக்க, ‘நைட்கால்’ என்ற பாட்டு அரங்கம் முழுக்க ஒலித்தது. கவின்ஸ்கி அந்தப் பாட்டை வெளியிட்டது 2010இல். பதினான்கு வருடம் கழித்து அதை முதல் தடவையாகக் கேட்டவர்கள் உலகமெங்கும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஓடுகிற பாட்டைக் கேட்டுப் பெயரைச் சொல்லும் ஷஸாம் செயலி, ஒரே நாளில் மிக அதிகம் பேர் தேடிய பாட்டு இதுதான் என்று பிறகு அறிவித்தது.

திருச்சியில் இருக்கும் என் அக்கா மகன் மறுநாள் அந்தக் காட்சித் துண்டைப் பார்த்திருக்கிறான். ராத்திரி எனக்கு ஃபோன் வந்தது. “மாமா, பாட்டோட பேரு கிடைச்சிடுச்சு. இதே மாதிரி இன்னும் நாலு பாட்டு வேணும். எப்படித் தேடுறது?”

அவன் செய்து பார்த்தது எல்லோரும் செய்வதுதான். பாட்டுச் செயலியில் ‘இதைப் போன்றவை’ என்ற இடத்தைத் தொட்டிருக்கிறான். வந்ததில் பாதி ஃபீனிக்ஸ் பாட்டுகள். கிட்டார் வைத்து வாசிக்கும் பாப். மீதியில் சில டிஸ்கோ, சில சினிமாப் பின்னணி இசை. எதுவும் அவன் கேட்ட மாதிரி இல்லை. இதில் வியப்பில்லை. இந்தப் பரிந்துரைகள் பெரும்பாலும் ஒரே ஆட்கள் எந்தெந்தப் பாட்டுகளைச் சேர்த்துக் கேட்கிறார்கள், ஒரே பட்டியலில் எதையெதைப் போடுகிறார்கள் என்பதை வைத்து வருகின்றன. ஒலிம்பிக் பார்த்தவர்கள் அந்த இரவின் பாட்டுகளை ஒன்றாகப் போட்டு வைத்திருப்பார்கள். அதற்கு முன்பு, 2011இல் வந்த ‘டிரைவ்’ படத்தின் தொடக்கத்தில் ‘நைட்கால்’ வந்ததால், அந்தப் படத்தின் ரசிகர்கள் படத்தின் மற்ற இசையோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். சேர்ந்து கேட்கப்படுவதும் ஒலியில் ஒத்திருப்பதும் வேறு வேறு. ஒலியில் ஒத்ததைத் தேட வேண்டுமென்றால் அந்த ஒலிக்கு ஆட்கள் வைத்திருக்கும் பெயர் தெரிய வேண்டும். அதைத்தான் ‘வகை’ என்கிறோம்.

பெயரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாட்டைத் தலைக்கேட்பானில் போட்டு, காதில் விழுவதை நம் சொந்த வார்த்தையில் எழுதுவது. கலைச்சொல் எதுவும் வேண்டாம். அவனை அப்படி எழுதச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வாட்ஸப்பில் வந்தது இது: “ஆரம்பத்துல பொது டெலிஃபோன்ல காசு போடுற மாதிரி சத்தம். ஆம்பளக் குரல் ரோபோ மாதிரி. நடுவுல ஒரு பொண்ணு, தூரத்துல இருந்து பாடுற மாதிரி. மெதுவாப் போகுது. எல்லாமே பழைய கீபோர்டு. டிரம் அடி பெருசா விழுது, ஆனா உடனே நின்னுடுது.”

நன்றாகக் கேட்டிருக்கிறான். இதில் ‘மெதுவாப் போகுது’ என்பதைத்தான் பலரும் முதலில் பிடித்துக்கொள்வார்கள், தவறான வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். வேகத்தை அளப்பது சுலபம். பதினைந்து விநாடிக்கு எத்தனை தாளம் விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். ‘நைட்கால்’ பாட்டுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வரும். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 90. லோ-ஃபை ஹிப்-ஹாப் என்று படிக்கும்போது பிள்ளைகள் ஓடவிடும் இசையும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான், இன்னும் கொஞ்சம் மெதுவாகக்கூடப் போகும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் உறவே தெரியாது. எதிர்ப்பக்கமாக, தி வீக்கெண்டின் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ நிமிடத்துக்கு 171 தாளத்தில் ஓடுகிறது. அது ஒலியில் ‘நைட்கால்’ பாட்டுக்கு நெருங்கிய சொந்தம். வேகம் வகையைச் சொல்வதில்லை. எந்தக் கருவி, எப்படிப் பதிவானது என்பதே அதிகம் சொல்கிறது.

அவன் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி. ஆளில்லாத கல்யாண மண்டபத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். சத்தம் சுவரெல்லாம் மோதி, கொஞ்ச நேரம் நீண்டு, மெல்லத் தேய்ந்து அடங்கும். அது தேயத் தொடங்கும் முன்பே யாரோ கதவைச் சட்டென்று சாத்தினால் எப்படி இருக்கும்? பெரிய இடத்தின் முழக்கம் இருக்கும், வால் இருக்காது. இந்த டிரம் ஒலி பிரபலமானதன் பின்னே ஒரு தற்செயல் இருக்கிறது. பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பம் 1980இல் வந்தது. லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் அதன் பதிவு நடந்தபோது டிரம் வாசித்தவர் ஃபில் காலின்ஸ், ஒலிப்பொறியாளர் ஹியூ பட்காம். வாசிப்பவர்கள் பேசுவது கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்பதற்காகக் கூரையில் ஒரு மைக் உண்டு. தூரத்தில் முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும் என்பதால் சின்ன ஒலியைத் தூக்கியும் பெரிய ஒலியை அமுக்கியும் தரும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. காலின்ஸ் டிரம்மை அடிக்கும்போது அந்த மைக் திறந்திருந்தது. உள்ளே வந்த ஒலியைக் கேட்டு எல்லோரும் நிமிர்ந்தார்கள். பட்காம் அதோடு, ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் வாசலை மூடிவிடும் கருவியைச் சேர்த்தார். கேட்டட் ரிவெர்ப் என்று அதற்குப் பெயர். 1981இல் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ அதை ஊரறியச் செய்தது. அதன்பின் எண்பதுகள் முழுக்க அந்த அடிதான்.

ஆக, 2010இல் வந்த பாட்டில் எண்பதுகளின் அடி கேட்கிறது. ரோபோக் குரலுக்கான வோகோடர் அதற்கும் முந்தைய கருவி. பழைய கீபோர்டு என்று அவன் சொன்னது அந்தக் காலத்துச் சின்தசைசர்களின் தொனி. ஒரு சுரத்தை அழுத்தினால் இரண்டு கீபோர்டுகள் மிகச் சிறிய சுருதி வித்தியாசத்தில் சேர்ந்து ஒலிப்பது போல லேசாக நீந்தும். 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 இந்தத் தொனிக்குப் பேர் போனது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இரண்டாயிரங்களின் நடுவிலிருந்து, எண்பதுகளில் குழந்தையாக இருந்த தலைமுறை, தான் பார்த்த படங்களின், ஆடிய வீடியோ கேம்களின் இசையை நினைவிலிருந்து புதிதாகச் செய்யத் தொடங்கியது. அதற்கு ஒட்டிய பெயர் சின்த்வேவ். ரெட்ரோவேவ் என்றும் சொல்வார்கள். அவுட்ரன் என்றும் சொல்வார்கள். 1986இல் சேகா நிறுவனம் வெளியிட்ட கார் ஓட்டும் விளையாட்டின் பெயர் அது. கவின்ஸ்கி 2013இல் தன் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்.

இந்தப் பெயர் சரியா என்று சோதிக்கும் விதம், பக்கத்து வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒதுக்குவது. எண்பதுகளின் வாசனை உள்ள இன்னொரு வகை வேப்பர்வேவ். பெயரும் ஒலிக்கிறது, படங்களும் ஒரே ஊதா, இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது இதனால்தான். ஆனால் செய்முறை வேறு. வேப்பர்வேவ் ஆட்கள் பெரும்பாலும் பழைய பாட்டையே எடுத்து வேகத்தைக் குறைத்து, வெட்டி, திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். மேக்கிண்டாஷ் பிளஸ் என்ற பெயரில் 2011இல் வந்த ‘ஃப்ளோரல் ஷாப்பி’ ஆல்பத்தின் புகழ்பெற்ற பாட்டு, டயானா ராஸ் பாடிய ஒரு பாட்டை இழுத்து நீட்டியது. ஒரு பாட்டைக் கேட்டு, இது ஒரு பழைய ஒலித்தட்டு தள்ளாடுவது போல இருக்கிறதா, யாரோ புதிதாக உட்கார்ந்து வாசித்தது போல இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் பதில் வந்துவிடும். ‘நைட்கால்’ புதிதாக வாசித்தது.

சரி, சின்த்வேவ் என்று முடிவாயிற்று. தேடுபெட்டியில் synthwave என்று தட்டினான். கடல் மாதிரி வந்தது. முதலில் திறந்தது பெர்ட்டர்பேட்டர் என்ற பாரிஸ்காரரின் பாட்டு. பயந்துவிட்டான். “மாமா, இது ஏதோ பேய்ப் படம் மாதிரி இருக்கு.” அவன் சொன்னதும் சரி, செயலி காட்டியதும் சரி. பெர்ட்டர்பேட்டரும் கார்பென்டர் ப்ரூட்டும் சின்த்வேவின் இருண்ட பக்கம். பின்னால் இருப்பது ஜான் கார்பென்டரின் திகில் படங்களும் ஹெவி மெட்டலும். அதற்கு டார்க்சின்த் என்று தனிப் பெயர் உண்டு. அதே வீட்டின் இன்னொரு அறையில் டிரம்மே மங்கலாக, கனவில் கேட்பது போன்ற இசை இருக்கிறது. ஹோம் என்ற பெயரில் ஒருவர் 2014இல் வெளியிட்ட ‘ரெசனன்ஸ்’ அந்த ரகம். அதைச் சில்சின்த் என்கிறார்கள். கூரை ஒன்று, சமையல் வேறு.

இந்த இடத்தில்தான் பலர் தேடலை விட்டுவிடுகிறார்கள். பெயர் கிடைத்தும் பயன் இல்லையே என்று தோன்றும். ஆனால் இப்போது கேட்க வேண்டிய கேள்வி மாறிவிட்டது. இது என்ன வகை என்பது முடிந்துபோன கேள்வி. இந்தப் பாட்டில் உனக்கு எது வேண்டும் என்பதுதான் அடுத்தது. அவனிடம் அதைத்தான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தப் பொண்ணு பாடுற இடம்” என்றான். முதல் பதிவில் அதைப் பாடியவர் லவ்ஃபாக்ஸ், சிஎஸ்எஸ் என்ற பிரேசில் இசைக்குழுவின் பாடகி. அவர் குரல் முன்னால் வந்து நிற்பதில்லை, கீபோர்டு அலைக்குப் பின்னால் கரைந்து நிற்கிறது.

இப்போது தேட வேண்டிய இடம் தெரிகிறது. சின்த்வேவ் ஆட்கள் இந்த மென்மையான, குரல் உள்ள பக்கத்துக்கு ட்ரீம்வேவ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதை நான் சொல்லாமல் அவனாகவே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ‘டிரைவ்’ படத்தில் ‘எ ரியல் ஹீரோ’ என்று இன்னொரு பாட்டு வருகிறது. பிரான்ஸின் நாந்த் நகரத்துக்காரரான டேவிட் கிரெலியே ‘காலேஜ்’ என்ற பெயரில் செய்த இசை, கனடாவின் எலெக்ட்ரிக் யூத் என்ற ஜோடியின் குரல். இவர்களின் பக்கங்களை ஒவ்வொரு தளத்திலும் திறந்து, கீழே என்ன குறிச்சொற்கள் இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

குறிச்சொல் எல்லாம் ஒரே மாதிரி நம்பத்தக்கவை அல்ல. யார் ஒட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். பேண்ட்கேம்ப் தளத்தில் ஒவ்வொரு ஆல்பத்தின் அடியிலும் இருக்கும் சொற்களை இசை செய்தவரே போடுகிறார். அவர் எந்தத் தெருவில் நிற்க ஆசைப்படுகிறார் என்பது அதில் தெரியும். கூடுதல் ஆட்கள் வர வேண்டும் என்று பொருந்தாத சொற்களைச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. லாஸ்ட்.எஃப்எம் தளத்தில் கேட்பவர்கள் ஒட்டுகிறார்கள். ரேட் யுவர் மியூசிக் தளத்தில் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் வகையை வாக்களித்து முடிவு செய்கிறார்கள், எந்த வகை எதன் பிள்ளை என்ற குலவரிசையும் அங்கே இருக்கிறது. டிஸ்காக்ஸ் இசைத்தட்டு சேகரிப்பவர்களின் தளம். அங்கே Genre என்ற கட்டம் மிக அகலமானது, ‘எலெக்ட்ரானிக்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நமக்கு வேண்டியது அதன் கீழே இருக்கும் Style என்ற கட்டம். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று இடங்களில் ஒரே சொல் வந்தால் அந்தச் சொல்லை நம்பித் தேடலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வருவது யாரோ ஒருவரின் ஆசை.

பெரிய பாட்டுச் செயலிகளில் ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பாட்டிஃபை தன் தரவுகளில் வகைப் பெயரைப் பாட்டுக்கு ஒட்டவில்லை, பாடுபவருக்கு ஒட்டியிருந்தது. ஒரே மாதிரி இசையைச் செய்பவருக்கு இது பொருந்தும். ‘பிளைண்டிங் லைட்ஸ்’ பிடித்துப்போய், தி வீக்கெண்டைப் போன்றவர்கள் யார் என்று தேடினால் ஆர்&பி பாடகர்கள் வரிசையாக வருவார்கள். அந்த ஒரு பாட்டுக்காக வந்தவருக்கு அதில் எதுவும் இல்லை. பாடகரை விட்டுவிட்டு, அந்தப் பாட்டின் ஒலியைப் பெயர் சொல்லித் தேடுவதே அவருக்கு வழி.

லோ-ஃபை என்ற சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். குறைந்த ஒலித்தரம் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். எண்பது, தொண்ணூறுகளில் அமெரிக்காவில் வீட்டில் கேசட் ரெக்கார்டரை வைத்துப் பாடிப் பதிவு செய்தவர்களைக் குறித்தது. டேனியல் ஜான்ஸ்டன், கைடட் பை வாய்சஸ் போன்றவர்கள். கிட்டாரும் இரைச்சலுமாக இருக்கும். பிறகு அந்தச் சொல், அமெரிக்காவின் ஜே டில்லா, ஜப்பானின் நுஜாபெஸ் இருவரின் வழியில் வந்த, ஒலித்தட்டின் கீறல் சத்தத்தோடு ஓடும் மென்மையான ஹிப்-ஹாப் இசைக்குப் போய்ச் சேர்ந்தது. படிக்கும் பெண்ணின் படத்தோடு யூடியூபில் இரவும் பகலும் ஓடுவது அதுதான். மூன்றாவதாக நம் ஊரில், சினிமாப் பாட்டின் வேகத்தைக் குறைத்து எதிரொலியைக் கூட்டிப் போட்டுவிட்டு அதையும் லோ-ஃபை என்கிறார்கள். அதன் மூதாதை, தொண்ணூறுகளில் ஹூஸ்டன் நகரத்தில் டிஜே ஸ்க்ரூ ராப் பாட்டுகளை மெதுவாக்கி விற்ற கேசட்டுகள். மூன்றுக்கும் மூன்று பரம்பரை. தமிழ்ப் பாட்டு ஒன்றின் மெதுவாக்கிய வடிவம் பிடித்தவர் lofi என்று மட்டும் தட்டினால் வார்த்தையில்லாத ஹிப்-ஹாப்தான் மணிக்கணக்கில் ஓடும். அவர் தட்ட வேண்டியது slowed reverb. கிட்டார் இரைச்சல் வேண்டியவர் lo-fi indie என்று சேர்த்துத் தட்ட வேண்டும்.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். அவன் dreamwave என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போய், நெதர்லாந்தின் டைம்காப்1983 என்பவரை முதலில் கண்டுபிடித்தான். அங்கிருந்து எஃப்எம்-84, தி மிட்நைட். இரண்டு நாள் கழித்து வேறொரு கேள்வியோடு வந்தான். டிஸ்காக்ஸில் ‘நைட்கால்’ இசைத்தட்டின் பின்பக்க விவரத்தைப் படித்திருக்கிறான். தயாரிப்பில் டாஃப்ட் பங்க் இரட்டையரில் ஒருவரான கீ-மானுவல் டி ஹோமெம்-கிறிஸ்டோவின் பெயர் இருக்கிறது, ஒலிக்கலவை செபாஸ்டியன் என்ற பிரெஞ்சுக்காரர். “இவங்க பாட்டைக் கேட்டேன் மாமா. சின்த்வேவ் மாதிரியே இல்ல, ஆனா ‘நைட்கால்’ல இருக்கிற ஏதோ ஒண்ணு இருக்கு.” இருக்கத்தானே செய்யும். வகையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே ஒலியை விரும்பி வெவ்வேறு நாடுகளில் தனித்தனியாக உட்கார்ந்து செய்பவர்களிடம் போவோம். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே ஊரில் ஒன்றாகப் பழகியவர்களிடம் போவோம். ரோபோக் குரலும், அந்தப் பாட்டின் கனமான பேஸும் பாரிஸ் நடன இசையின் சொத்து. அதைச் சின்த்வேவ் என்ற சொல் பிடித்துத் தராது. முதலில் அவனுக்குச் செயலி காட்டிய டிஸ்கோ சாயல் பாட்டுகளில் சில இந்தப் பக்கத்துச் சொந்தங்களாக இருந்திருக்கலாம்.

போன வாரம் அவன் அனுப்பியது ஒரு தமிழ்ப் பாட்டு. பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தின் தீம் மியூசிக். “மாமா, இது சின்த்வேவ் தானே?” சின்தசைசர் இருக்கிறது, கணினி வைத்துக் கோத்த தாளம் இருக்கிறது. கேட்டட் ரிவெர்பின் காலமும் அதுதான். அவன் காது தவறவில்லை. இருந்தாலும் நான் இல்லை என்றுதான் சொன்னேன். இளையராஜா அதைச் செய்தபோது அந்தக் கருவிகள் புத்தம் புதியவை. அவர் எந்தப் பழைய காலத்தையும் நினைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை, நாளைய ஒலியைத் தேடிக்கொண்டிருந்தார். சின்த்வேவ் என்பது அந்த ஒலியை இருபது, முப்பது வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்துச் செய்தது.

அவன் விடவில்லை. மும்பையின் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டாரே, அதைப் பிற்பாடு வெளிநாட்டுக்காரர்கள் ஆசிட் ஹவுஸ் என்று சொன்னார்களே, அந்தப் பெயரே அப்போது பிறக்கவில்லையே என்று கேட்டான். உண்மைதான். ராகங்களை டிஸ்கோவில் வாசிக்க நினைத்த அவர், ஆசிட் ஹவுஸ் என்ற சொல்லையே கேட்டிருக்க முடியாது. ஆனால் மறந்துபோன அந்தத் தட்டு 2010இல் மறுபடி வெளியானபோது பலர் அதைக் கவனித்தது அந்தச் சொல்லால்தான்.

இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. அவன் பட்டியலில் ‘எ ரியல் ஹீரோ’ பாட்டுக்கு அடுத்ததாகப் ‘புன்னகை மன்னன்’ தீம் இருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டையும் அந்த வரிசையிலேயே கேட்டுப் பார்த்தேன். டிரம் அடி விழுந்து, நின்ற இடத்தில், அடுத்தது ஆரம்பித்தது.